விசைப்பலகை யாரிடம் இருந்தது?

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வகத்தில் ஒரு திட்டத்தின் இடைக்கால மதிப்பீடு நடந்தது. மதிப்பீட்டுக்கு வந்தவர் நிரல் களஞ்சியத்தில் ஒரே ஒரு கட்டளையை இயக்கி, அது தந்த பட்டியலைத் திரையில் காட்டினார். என் பெயருக்கு நேராக 41 என்றும், எங்கள் திட்ட உதவியாளரின் பெயருக்கு நேராக 3 என்றும் இருந்தது. அவர் கேரளத்துக்காரர், நான் அவரைச் சேச்சி என்றே அழைப்பேன். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. பட்டியலைப் பார்த்த சேச்சி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். அந்த 41-இல் பாதிக்கு மேல் அவரும் நானும் ஒரே திரையின் முன் அமர்ந்து செய்தவை என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் காட்டுவதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்தச் சான்று ஏன் இல்லாமற்போனது, எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதை எழுதி வைக்கவே இந்தப் பதிவு.

முதலில் நடந்த வேலையைச் சொல்கிறேன். தமிழ்ச் சொற்களின் உருபனியல் பகுப்பாய்வுக்காக நாங்கள் ஓர் அகராதிக் கோப்பை வைத்திருந்தோம். பழைய உரைகளை அதனோடு ஒப்பிட்டபோது, அகராதியில் இருக்கும் சொற்களே ‘இல்லை’ என்று வந்தன. ‘கொடு’ என்ற சொல் திரையில் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே தெரிந்தது. கணினிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். காரணம் எளியது. ஒகரக் குறியை யூனிக்கோடில் `U+0BCA` என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம்; `U+0BC6`, `U+0BBE` என்று ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இவை சமமானவை என்று யூனிக்கோடே விதித்திருப்பதால், NFC என்னும் இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தப் பணி என் பெயரில் இருந்தது. அரை நாளில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முடியவில்லை. ‘கௌரவம்’, ‘மௌனம்’, ‘வௌவால்’ போன்ற சொற்கள் மட்டும் தொடர்ந்து தவறின. நான் நாள் முழுவதும் என் நிரலிலேயே பிழை தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் சேச்சி என் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். அவர் தமிழை ஓரளவு படிப்பார். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “மோளே, எங்கள் எழுத்தில் ஔகாரக் குறி தனி உருவம். உங்களுடையது ள போலவே இருக்கிறதே. தட்டச்சு செய்தவர் குறியைப் போட்டாரா, எழுத்தைப் போட்டாரா?” என்று கேட்டார்.

எழுத்தைத்தான் போட்டிருந்தார்கள். ‘கெளரவம்’ என்று, கொம்புக்குப் பின் ளகர மெய்யின் உயிர்மெய்யை. தமிழ் படித்தே வளர்ந்த என் கண் அதைப் பார்க்கவில்லை. நான் உருவத்தைப் பார்த்த உடனே சொல்லை வாசித்துவிடுகிறேன். NFC-யும் இதைத் திருத்தாது. ள என்பது முழு உரிமையுள்ள ஓர் எழுத்து. அது தவறாக வந்திருக்கிறது என்று யூனிக்கோடுக்குத் தெரிய வழியில்லை. வெறுமனே மாற்றிவிடவும் முடியாது. ‘தெளிவு’, ‘கெளுத்தி’ ஆகியவற்றிலும் கொம்புக்குப் பின் ள வருகிறது. அங்கே அது உண்மையான ள. அப்படியானால் எப்படிப் பிரிப்பது? ளகரத்தை அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது எழுத்து, வராவிட்டால் அது குறியாக இருக்கக்கூடும் என்று சேச்சியே சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்:

```python
AU = re.compile('\u0bc6\u0bb3(?![\u0bbe-\u0bcd])')
text = AU.sub('\u0bcc', text)
```

அன்று மாலை மூன்றாவதாக ஒருவரும் சேர்ந்தார். பயிற்சிக்கு வந்திருந்த மதுரைக்காரத் தம்பி. “அக்கா, ‘தெளத் தெளிய’ன்னு வந்தா உங்க விதி அதையும் மாத்திடுமே” என்றார். உண்மைதான். அங்கே ள வெறும் அகரத்தோடு நிற்கிறது. எங்கள் விதி அதைக் குறியென்று கொண்டு கெடுத்துவிடும். ஆகவே மாற்றிய வடிவம் அகராதியில் இருந்தால் மட்டுமே மாற்றத்தை ஏற்பது என்று முடிவு செய்தோம். இப்படி இரண்டு மணி நேர அமர்வுகள் மூன்று. முதல் அமர்வின் பெரும்பகுதி இருவர் வேலை. பின்னர் மூவர் வேலை. மடிக்கணினி என்னுடையது. அதனால் எல்லாக் கமிட்டும் என் பெயரில்.

இனி, பதிவு எங்கே தவறியது என்பதற்கு வருகிறேன். கிட் ஒரு கமிட்டில் ‘ஆசிரியர்’ என்று ஒருவரையும் ‘கமிட் செய்தவர்’ என்று ஒருவரையும் வைத்துக்கொள்ளும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் களஞ்சியத்தில் சேர்க்கும் வழக்கத்துக்காக ஏற்பட்ட பகுப்பு அது. ஒரு கமிட்டுக்கு இரண்டு ஆசிரியர் என்பதற்கு அந்த அமைப்பில் இடமே இல்லை. நம் இலக்கணம் இந்த இடத்தில் இன்னும் நுட்பமாகப் பார்த்திருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்று இரண்டாகப் பிரிப்பார்கள். அரசனால் கட்டப்பட்ட கோயிலும் தச்சனால் கட்டப்பட்ட கோயிலும் ஒரே கோயிலாக இருக்கலாம், இருவரும் கருத்தாக்களே. இருவர் சேர்ந்து நிரல் எழுதும்போது ஒருவர் விசைப்பலகையில் இருப்பார், மற்றவர் வழி சொல்வார். வழி சொன்னவர் பல நேரங்களில் ஏவுதற்கருத்தாவையும் கடந்தவர். விதியை ஆக்கியவரே அவர்தான். கிட் இயற்றுதற்கருத்தாவை மட்டும் எழுதிக்கொள்கிறது. துல்லியமாகச் சொன்னால், யாருடைய கணினியோ அவரை மட்டும்.

பணிப் பட்டியலிலும் இதே நிலைதான். நாங்கள் பயன்படுத்திய ஜிராவில் ஒரு பணிக்குப் பொறுப்பாளர் ஒருவரே. மதிப்பீட்டில் நடந்ததைக் கண்ட கோபத்தில் இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யோசித்தபின் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். பொறுப்பாளர் ஒருவராக இருப்பது சரிதான். பணி தேங்கினால் யாரைக் கேட்பது, முடிந்தது என்று யார் சொல்வது என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பார்கள். அமர்வுக்கு அமர்வு பொறுப்பாளரை மாற்றி எழுதுவதும் உதவாது. பணியின் வரலாற்றைப் பார்ப்பவருக்கு அது மூன்று முறை கைமாறித் தட்டுத்தடுமாறியதாகத் தெரியும். ஒரே பணியை மூன்று துணைப் பணிகளாக உடைத்து ஆளுக்கொன்று கொடுப்பது அதைவிட மோசம். சேச்சியின் கேள்வியையும் தம்பியின் எதிர்க்காட்டையும் என் தட்டச்சையும் தனித்தனிப் பணிகளாக்கினால், நடக்காத ஒன்றைப் பதிவு செய்தவர்களாவோம்.

ஆக, பொறுப்பும் பங்கும் இரண்டு கேள்விகள். முதலாவதற்கு ஒரு பெயர், இரண்டாவதற்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும். நாங்கள் ஜிராவில் ‘உடன் செய்தோர்’ என்று பல பெயர்களை ஏற்கும் ஒரு புலத்தைச் சேர்த்துக்கொண்டோம். பொறுப்பாளர் புலத்தைத் தொடவில்லை.

இந்தப் புலத்தைச் சேர்த்தவுடன் எண்களைப் பற்றிய ஒரு கேள்வி எழும். பணிக்கு 5 புள்ளி என்றால் மூவருக்கும் எப்படிப் பகிர்வது? பகிரவே கூடாது என்பது எங்கள் முடிவு. புள்ளி பணியின் அளவைச் சொல்வது. அது குழுவின் கணக்கில் ஒரு முறை சேரும். பங்கேற்பு தனிக் கணக்கு: இந்தப் பணியில் மூவர் பங்கேற்றார்கள், அவ்வளவே. ஒவ்வொருவரின் பங்கேற்பையும் கூட்டினால் மொத்தப் பணிகளின் எண்ணிக்கையை விட அதிகமாக வரும். அது பிழையன்று, கூட்டக் கூடாத ஒன்றைக் கூட்டியதன் விளைவு. நேரக் கணக்கு வேறு வகை. இரண்டு மணி நேரம் மூவர் அமர்ந்தால் ஒவ்வொருவரும் தம் பெயரில் இரண்டு மணி எழுத வேண்டும். ஆறு மணி நேர உழைப்பு அங்கே செலவாகியிருக்கிறது. பொறுப்பாளர் மட்டும் இரண்டு மணி எழுதினால் மற்ற இருவரும் அன்று மாலை எங்கே போனார்கள் என்பதற்குப் பதிவே இருக்காது. எங்களுக்கு அதுவும் நடந்திருந்தது.

இனி கிட்டில் என்ன செய்வது? கமிட் செய்தியின் கடைசிப் பத்தியில், ஒரு வெற்று வரி விட்டு, உடன் ஆசிரியர்களை ஒரு வரிக்கு ஒருவராக எழுதும் வழக்கம் இருக்கிறது. கிட்ஹப் 2018 முதல் அந்த வரிகளை அடையாளம் கண்டு எல்லா ஆசிரியரையும் சேர்த்துக் காட்டுகிறது. எங்கள் பணிக்கு அது இப்படி இருந்திருக்க வேண்டும்:

```
Repair AU sign typed as letter LLA

NFC leaves U+0BC6 U+0BB3 untouched.
Accept the change only if the lexicon has it.

Co-authored-by: Member Two <two@example.org>
Co-authored-by: Member Three <three@example.org>
```

‘இருந்திருக்க வேண்டும்’ என்கிறேன். முதல் இரண்டு அமர்வுகளில் எனக்கு இந்த எண்ணமே வரவில்லை. மூன்றாவது அமர்வில் தம்பி நினைவூட்டினார்; எழுதினோம். பிறகு அதை நானே அழித்தேன், அழிக்கிறேன் என்று அறியாமலே. ஐந்து கமிட்டுகளை `git rebase -i` கொண்டு ஒன்றாகச் சுருக்கினேன். கிட் ஐந்து செய்திகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தந்தது, அப்படியே சேமித்துவிட்டேன். ஐந்தாவது, நான் தனியாகச் செய்த ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம். அதில் உடன் ஆசிரியர் வரி இல்லை. ஆகவே சேச்சியின் பெயரும் தம்பியின் பெயரும் செய்தியின் நடுவில் மாட்டிக்கொண்டன. கடைசிப் பத்தியாக நின்றது வெறும் ஒரு வாக்கியம். கிட் இவ்வகை வரிகளைக் கடைசிப் பத்தியில்தான் தேடும். மனிதர் படித்தால் பெயர் இருக்கிறது. கருவி படித்தால் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்:

```
git log -1 --format='%(trailers:key=Co-authored-by)'
```

இது வெறுமையாக வந்தால், நீங்கள் கண்ணால் பார்க்கும் பெயரைக் கிட் பார்க்கவில்லை என்று பொருள். சுருக்கிய பின் ஒரு முறை, தள்ளுவதற்கு முன் ஒரு முறை இதை இயக்குவது இப்போது என் வழக்கம்.

வரியைச் சரியாக எழுதினாலும் இன்னொரு தடை உண்டு. மதிப்பீட்டாளர் இயக்கியது `git shortlog -sn`. அது ஆசிரியர் புலத்தை மட்டுமே எண்ணும். `git blame`-உம் அப்படியே; ஒரு வரியை யார் எழுதினார் என்று கேட்டால் ஒரே பெயரைத்தான் சொல்லும். உடன் ஆசிரியர்களையும் எண்ண வேண்டுமானால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்:

```
git shortlog -sn --group=author \
  --group=trailer:co-authored-by
```

2020-இல் வந்த 2.29 பதிப்பு முதல் கிட்டில் இது இருக்கிறது. ஒரு கமிட்டில் மூவர் இருந்தால் அது மூவர் கணக்கிலும் ஒவ்வொரு முறை சேரும். இங்கும் மொத்தத்தைக் கூட்டக் கூடாது. மின்னஞ்சல் முகவரியிலும் கவனம் வேண்டும். கிட்ஹப் அந்த முகவரியைக் கொண்டுதான் ஆளை அடையாளம் காண்கிறது. கணக்கில் பதியாத முகவரியை எழுதினால் பெயர் வரும், கணக்கோடு இணையாது. முகவரி வெளியே தெரிய விரும்பாதவருக்கு கிட்ஹப் தரும் மறைமுக முகவரியைக் கேட்டு வாங்கிப் போடலாம்.

பெயரைச் சேர்ப்பது எளிதாகிவிட்டால் எதிர்ப்பக்கப் பிழையும் வரும். அறையில் இருந்த எல்லாரையும் மரியாதைக்காகச் சேர்ப்பது அது. அப்படிச் சேர்த்தால் ஆறு மாதத்தில் அந்த வரிக்கு மதிப்பிருக்காது; சேச்சி போன்றவரின் பெயர் மறுபடியும் மறைந்துபோகும், இம்முறை கூட்டத்துக்குள். நாங்கள் ஓர் உரைகல் வைத்துக்கொண்டோம்: இவர் இல்லாதிருந்தால் இந்த கமிட் வேறாக இருந்திருக்குமா? ஆம் என்றால் பெயர் உண்டு. தேநீரோடு வந்து பத்து நிமிடம் நின்று பார்த்தவருக்கு இல்லை. அவரையும் கேட்டே எழுதுகிறோம். உடன் ஆசிரியர் என்பது பாராட்டு மட்டும் ஆகாது. நாளை அந்த வரி உடைந்தால் கேள்வி அவரிடமும் வரும். லினக்ஸ் கெர்னல் திட்டத்தில் இதற்குக் கடுமையான விதியே இருக்கிறது. அங்கே `Co-developed-by` என்று ஒருவர் பெயரை எழுதினால், அடுத்த வரியிலேயே அதே ஆளின் `Signed-off-by` இருக்க வேண்டும். ஒருவரைக் கேளாமல் அவரை ஆசிரியராக்க அங்கே வழியில்லை. எங்கள் சிறிய குழுவுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. எழுந்து போகுமுன் வாயால் கேட்பது போதுமானதாக இருக்கிறது.

இவை எல்லாம் சேர்ந்தும் சொல்லாத ஒன்று உண்டு: யார் என்ன செய்தார் என்பது. உடன் ஆசிரியர் வரி ‘இவரும்’ என்று மட்டுமே சொல்லும். அதனால் அமர்வு முடிந்ததும் பணிப் பட்டியலில் மூன்று வரி எழுதுகிறோம்: யார் இருந்தார்கள், என்ன முடிவானது, அந்த முடிவுக்கு வழிவிட்டது எது. எங்கள் பணிக்கு நான் பின்னால் எழுதிய குறிப்பு இது: “மூவர், இரண்டு மணி. ள என்பது ஔகாரக் குறிக்கு மாற்றாகத் தட்டப்பட்டிருப்பதைக் கண்டவர் சேச்சி. அடுத்த குறியைப் பார்க்கும் விதி அவருடையது. ‘தெளத் தெளிய’ என்ற எதிர்க்காட்டு தம்பியுடையது. அகராதிச் சோதனை அதிலிருந்து வந்தது.” எழுத இரண்டு நிமிடம் ஆகும். அன்றே எழுதினால் மட்டுமே இரண்டு நிமிடம். ஒரு வாரம் கழித்து நினைவு கூரும்போது எல்லா யோசனையும் நினைவு கூர்பவருடையதாகவே தோன்றும். நான் என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது, அகராதிச் சோதனை என் யோசனை என்றே முதலில் எழுதினேன். தம்பிதான் பழைய அரட்டைச் செய்தியைக் காட்டினார்.

மதிப்பீட்டுக்குப் பின் என்ன செய்தோம்? பழைய கமிட்டுகளைத் திருத்த முடியவில்லை. செய்தியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கமிட்டின் அடையாள எண் மாறும். அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் எண்ணும் மாறும். எங்கள் கட்டுரை ஒன்று அந்த எண்ணைச் சுட்டியிருந்தது. வரலாற்றைத் தொடாமல் பக்கத்தில் எழுதுவதுதான் வழி. களஞ்சியத்தில் `CITATION.cff` என்ற கோப்பைச் சேர்த்து, மென்பொருளின் ஆசிரியர்களாக மூவர் பெயரையும் எழுதினோம். பணிப் பட்டியலில் மேற்சொன்ன குறிப்பை, பின்னால் எழுதியது என்ற தேதியோடு இட்டேன். நாட்காட்டியிலும் அரட்டையிலும் இருந்த அமர்வுகளைத் தேடியெடுத்து, எந்தெந்தக் கமிட்டில் யார் யார் இருந்தோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். அவர் அதை மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பினார்.

சேச்சியின் ஒப்பந்தம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தால்தான் நீண்டதா, பணம் மிச்சமிருந்ததால் நீண்டதா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். போகும் நாளன்று, “அடுத்த முறை விசைப்பலகையை என்னிடம் கொடு, மோளே” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவும் ஒரு வழிதான். கைமாற்றிக் கைமாற்றித் தட்டினால் பெயர்கள் ஓரளவு பரவும். ஆனால் கடைசியாக யார் தட்டினாரோ அவர் பெயர்தான் அப்போதும் விழும்.

உங்கள் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ இருவராக, மூவராக அமர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால், உங்கள் களஞ்சியத்தில் இன்று மேலே உள்ள இரண்டு `shortlog` கட்டளைகளையும் அடுத்தடுத்து இயக்கிப் பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாகவே வந்தால், எல்லாரும் தனித்தனியாகவே வேலை செய்தீர்களா அல்லது யாருடைய பெயரோ விடுபட்டிருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும்.